ஜெயித்த ஆட்டத்தைக் கோட்டைவிட்ட பிறகு செய்யக்கூடாதவை

ஐந்து நிமிட ஆன்லைன் செஸ். ஒரு யானை கூடுதலாக வைத்திருக்கிறீர்கள், கடிகாரத்தில் 25 விநாடி மிச்சம். அவசரத்தில் யானையைக் கடைசி வரிசையிலிருந்து நகர்த்துகிறீர்கள், எதிராளியின் ராணி உள்ளே இறங்கி மேட். உங்கள் கை உடனே 'ரீமேட்ச்' பொத்தானுக்குப் போகிறது. பெரும்பாலும் அன்றைய இரவு கெட்டுப்போவது அந்தத் தோல்வியால் அல்ல, அதற்கடுத்த இந்த ஒரு விநாடியால்தான்.

தோற்ற கோபத்தில் நிதானம் இழந்து ஆடும் இந்த நிலையை ஆட்டக்காரர்கள் 'டில்ட்' என்பார்கள். பந்தைத் துடுப்புகளால் தட்டி விளையாடும் பின்பால் இயந்திரத்தைப் பிடித்து உலுக்கினால் 'டில்ட்' விளக்கு எரிந்து துடுப்புகள் செயலிழந்துவிடும். அங்கிருந்து போக்கருக்கு வந்து, பிறகு எல்லா விளையாட்டுக்கும் பரவிய சொல் இது. பொருத்தமான சொல்தான்: பந்து ஓடிக்கொண்டே இருக்கும், நம் கையில் எதுவும் இருக்காது.

முதல் தவறு, போன ரேட்டிங் புள்ளியை இன்றைக்கே மீட்டுவிட நினைப்பது. ரேட்டிங் என்பது யாரோ உங்களிடமிருந்து பறித்துக்கொண்ட கடன் அல்ல. சம பலமுள்ளவரோடு நிதானமாக ஆடினால், அடுத்த ஆட்டத்தில் நீங்கள் எதிர்பார்க்கக்கூடிய சராசரி லாபம் பூஜ்யம். கோபத்தில் ஆடினால் அதுவும் கிடையாது. அந்த நேரத்தில் உங்கள் ஆட்டம் 200 புள்ளி தரம் இறங்கிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ரேட்டிங்கைக் கணிக்கும் எலோ முறைப்படி, வெற்றிக்கு ஒன்று, டிராவுக்கு அரை என்று எண்ணினால், 200 புள்ளி பின்தங்கியவர் சராசரியாக எடுப்பது 24 சதவீதம், அதாவது பத்து ஆட்டத்துக்கு 2.4 ஆட்டப்புள்ளி. ஒரு ஆட்டத்துக்கு 8 ரேட்டிங் ஏறி இறங்கினால், பத்து ஆட்டத்தில் ஏறக்குறைய 40 கரையும். 8 புள்ளியை மீட்கப் போய் 40 போகிறது.

டில்ட்டில் இருக்கிறோமா என்பதை மனதைக் கேட்டால் சரியான பதில் வராது, "நான் நன்றாகத்தான் இருக்கிறேன்" என்றே சொல்லும். கடிகாரத்தைக் கேளுங்கள். ஐந்து நிமிட ஆட்டத்தில் தோற்றபோது உங்களிடம் மூன்றரை நிமிடம் மிச்சமிருந்ததா? அப்படியானால் நீங்கள் யோசிக்கவே இல்லை. வழக்கமாக எவ்வளவு மிச்சம் வைத்துத் தோற்பீர்கள் என்பதைப் பழைய ஆட்டங்களில் பார்த்து வைத்துக்கொண்டால், வித்தியாசம் பளிச்சென்று தெரியும். வழக்கமாக ஆடும் திறப்பை, அதாவது தொடக்க நகர்வு வரிசையை, விட்டுவிட்டு திடீரென்று காயைப் பலிகொடுக்கும் ஆட்டம் தேடுவதும், ஐந்து நிமிடத்திலிருந்து மூன்றுக்கும் ஒன்றுக்கும் இறங்குவதும் இதே அறிகுறிதான்.

அடுத்த தவறு, மேசையைக் குத்தியோ எதிராளியைத் திட்டியோ கோபத்தை 'வெளியே விடுவது'. இதனால் கோபம் தணியும் என்பது பரவலான நம்பிக்கை. உளவியலாளர் பிராட் புஷ்மன் 2002-இல் வெளியிட்ட ஆய்வில், தங்களைச் சீண்டியவரை நினைத்தபடி குத்துப்பையைக் குத்தியவர்கள், சும்மா உட்கார்ந்திருந்தவர்களைவிட அதிகக் கோபத்தோடு இருந்தார்கள். தோற்ற சூட்டோடு, ஆட்டத்தை அலசிக் காட்டும் கணினி எஞ்சினைத் திறப்பதும் எங்கள் பார்வையில் இதே வகைதான். "இங்கே ஜெயித்திருந்தாய்" என்று அது காட்டும் ஒவ்வொரு எண்ணும் எரிகிற நெருப்பில் நெய்.

செய்ய வேண்டியது சின்ன விஷயம்தான், ஆனால் வரிசை மாறக்கூடாது. முதலில் திரையை மூடிவிட்டு எழுந்து நில்லுங்கள். உட்கார்ந்த இடத்திலேயே அமைதியாக முயன்றால், பொத்தான் கண்முன்னே இருக்கும். பிறகு நான்கு எண்ணும்வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும்வரை விடுங்கள். மூச்சை விடும்போது இதயத் துடிப்பு இயல்பாகவே சற்றுக் குறையும் என்பதால்தான் விடும் பகுதி நீளமாக இருக்க வேண்டும். மூன்று நிமிடத்தில் சுமார் 18 மூச்சு ஆகும். தலை சுற்றினால் மூச்சை மிக ஆழமாக இழுக்கிறீர்கள் என்று பொருள், இயல்பான அளவுக்குக் குறையுங்கள். கடைசியாக ஒரு வரி எழுதுங்கள்: "கடைசி வரிசையைப் பார்க்காமல் யானையை நகர்த்தினேன்." 'நான் மடையன்' என்று எழுதினால் நாளைக்கு அதில் பயிற்சி செய்ய ஒன்றுமில்லை. இந்த வரியில் இருக்கிறது. எஞ்சின் மறுநாள் போதும்.

'தொடர்ந்து இரண்டு தோல்வி என்றால் இன்றைக்கு நிறுத்தம்' என்ற விதியை முதல் ஆட்டத்துக்கு முன்பே தாளில் எழுதித் திரைக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். தோற்ற பிறகு போடும் விதியை, தோற்ற மனமே மாற்றி எழுதிவிடும்.

நேரடிப் போட்டியில் இந்த விதி உதவாது, அடுத்த சுற்று ஒரு மணி நேரத்தில் வந்துவிடும். அங்கே ஆட்டத்தாளில் கையெழுத்திட்டதும் அரங்கை விட்டு வெளியே போய்விடுங்கள், எதிராளியோடு ஆட்டத்தை அலசுவதைப் போட்டி முடியும்வரை தள்ளிப்போடுங்கள், தண்ணீர் குடித்துக் கொஞ்சம் நடங்கள். அடுத்த சுற்றில் உங்களுக்கு மிகப் பழகிய திறப்பையே ஆடுங்கள். முதல் பத்து நகர்வுகளில், விடை தெரிந்திருந்தாலும், காயைத் தொடுமுன் கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொள்ளுங்கள்.