முகவருக்குக் கொமிஷன் பேசுவது எப்படி: நூறு பக்கற் மிளகாய்த்தூளை வைத்து ஒரு கணக்கு

நான் கோண்டாவிலில் வீட்டோடு மிளகாய்த்தூள் செய்கிறேன். மிளகாயும் சரக்கும் வறுத்து, மில்லில் திரித்து, அரைக்கிலோ பக்கற்றாகக் கட்டி 1,200 ரூபாய்க்கு விற்பது. கொழும்பில் வெள்ளவத்தைப் பக்கம் கடைகளுக்குப் போட்டுத் தருகிறேன் என்று தெரிந்த தம்பி ஒருவர் வந்தபோது "நூற்றுக்குப் பத்து" என்று மட்டும் பேசிக்கொண்டோம். நூறு பக்கற் ஓடர் எடுத்தார், பஸ்ஸில் போட்டுவிட்டு அன்றைக்கே 12,000 ரூபாய் கொமிஷனும் அனுப்பிவிட்டேன். மாதக் கடைசியில் பார்த்தால் இருபது பக்கற் திரும்பி வந்தது, பதினைந்து கடையில் கடனாக நின்றது, பத்துப் பக்கற்றை அவர் நூறு ரூபாய் குறைத்துக் கொடுத்திருந்தார். சண்டை வந்தது. இப்போது யோசித்தால் அவர் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது: பத்து வீதம் என்றோமே தவிர, எதில் பத்து வீதம் என்று இருவருமே சொல்லவில்லை.

முதலில், அவர் யார் என்று தீர்மானியுங்கள்

உங்களிடம் காசு கொடுத்து வாங்கி, தன் பொருளாக விற்பவர் வேறு. உங்கள் பொருளை உங்களுக்காக விற்றுத் தருபவர் வேறு. முதலாமவருக்குக் கொமிஷன் கிடையாது, குறைத்த விலை மட்டும்தான். விற்காமல் போனால் அது அவருடைய பாடு. இரண்டாமவர்தான் முகவர். அவர் கையில் கிடக்கும் சரக்கு இன்னும் உங்களுடையது, நட்டமும் உங்களுடையது. சந்தேகம் வந்தால் "விற்காவிட்டால் யார் பொறுப்பு?" என்று கேளுங்கள், பதிலில் தெரிந்துவிடும். வாங்கி விற்பவரும் பக்கற்றில் அச்சடித்த விலைக்கு மேல் விற்க முடியாது, பாவனையாளர் அதிகாரசபை பிடிக்கும். ஆகவே அவருடைய இலாபத்துக்கும் இடம் வைத்துத்தான் அந்த விலையைப் போட வேண்டும்.

எவ்வளவு கொடுக்க முடியும்?

என் பக்கற்றுக்கு மிளகாய், சரக்கு, மில்லுக்கூலி, வேலைக்கூலி, பை எல்லாம் சேர்த்து 860 ரூபாய், கொழும்புக்கு பஸ்ஸில் அனுப்ப 40. மிச்சம் 300. பத்து வீதம் என்றால் 120 போய் எனக்கு 180 நிற்கும். இருபது வீதம் என்றால் 60தான். அறுபதும் இலாபம்தானே என்று நினைக்கத் தோன்றும், ஆனால் திரும்பி வருவதைச் சேர்த்துப் பாருங்கள். நூறில் எண்பது விற்று, இருபது திரும்பி வந்து, அதில் ஐந்து பை கிழிந்து தூள் ஈரம் பிடித்துவிட்டது என்று வைப்போம். எண்பதில் வந்த இலாபம் 4,800. கிழிந்த ஐந்தில் போனது 4,500, இருபதும் திரும்பி வந்த பஸ் காசு 800. கையிலிருந்துதான் போடவேண்டி வரும். அதனால் நான் பத்தோடு நிற்கிறேன்; அடித்துக் கேட்டாலும் பன்னிரண்டுக்கு மேல் போவதில்லை.

இன்னொரு குழப்பமும் உண்டு. "இருபது வீதம்" என்று முகவர் சொன்னால் விற்ற விலையிலா, உங்களுக்குச் சேரவேண்டிய விலைக்கு மேலா என்று கேளுங்கள். 1,200 ரூபாய்க்கு விற்று 240 எடுத்தால் அது விற்ற விலையில் இருபது வீதம், உங்களுக்கு வரும் 960இல் பார்த்தால் இருபத்தைந்து வீதம். ஒரே காசு, இரண்டு பெயர். ஆகவே வீதத்தோடு ரூபாய்க் கணக்கையும் சொல்லி முடியுங்கள்: "ஒரு பக்கற்றுக்கு உங்களுக்கு 120".

எதில், எப்போது என்பதுதான் முழு விஷயம்

ஓடரிலா, அனுப்பிய சரக்கிலா, கைக்கு வந்த காசிலா? நான் இப்போது கைக்கு வந்த காசில் மட்டும் கொடுக்கிறேன். அதே நூறு பக்கற்றை இந்த முறையில் போட்டுப் பார்ப்போம். விற்றது எண்பது. எழுபது முழு விலைக்கு 84,000, பத்து 1,100 ரூபாய்க்கு 11,000, மொத்தம் 95,000. அதில் பதினைந்து பக்கற் கடன், 18,000. வந்த காசு 77,000, கொமிஷன் 7,700. கடன் வசூலாகும் மாதம் இன்னும் 1,800 சேரும். நான் கொடுத்த 12,000த்தையும் இந்த 7,700ஐயும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், அன்றைய சண்டை முழுக்க அதற்குள் இருக்கிறது.

இப்படிக் கட்டினால் முகவரே கடனை வசூலிக்க ஓடுவார், தெரியாத கடைக்குக் கடன் கொடுக்கவும் யோசிப்பார். ஆனால் அவருக்கும் ஒரு பயம் இருக்கும்: காசு நேரே என் வங்கிக் கணக்குக்கு வந்தால் அவருக்கு எப்படித் தெரியும்? அதற்கு எந்தக் கடை எவ்வளவு போட்டது என்று நான் அன்றன்றே அவருக்கு அனுப்பிவிடுகிறேன். விலை குறைப்பதென்றால் முதலில் என்னிடம் கேட்க வேண்டும், கேட்காமல் குறைத்தால் குறைத்த தொகை அவருடைய கொமிஷனில் கழியும். அந்தப் பத்துப் பக்கற்றில் அது 1,000 ரூபாய்.

பிறகு அதே கடை நேரே உங்களிடம் வந்தால்?

இதை யாரும் முன்கூட்டிப் பேசுவதில்லை. முகவர் பிடித்துத் தந்த கடைக்காரர் பக்கற்றில் உங்கள் நம்பரைப் பார்த்து "அக்கா, நேரே அனுப்புங்கோ" என்று எடுப்பார், கட்டாயம் எடுப்பார். அப்போது கொமிஷன் உண்டா? இலங்கையில் முகவர் தொடர்பான சட்டம் 1852ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின் வழியாக ஆங்கிலச் சட்டத்தைப் பின்பற்றுவது. ஒன்றும் பேசாமல் விட்டால், அந்த விற்பனைக்கு உண்மையான காரணம் அவர்தானா என்ற வழக்கில் போய் நிற்கலாம். என் முறை: அவர் கொண்டுவந்த கடைகளின் பெயரை எழுதிவைத்து, முதல் விற்பனையிலிருந்து ஆறு மாதம் அந்தக் கடைகளில் வரும் எல்லாக் காசிலும் கொமிஷன், யார் ஓடர் எடுத்தாலும். அவர் விலகிப் போனாலும் அந்த ஆறு மாதம் முடியும்வரை உண்டு. எனக்கு முன்பே தெரிந்த கடைகளின் பட்டியலையும் அன்றே கொடுத்துவிடுவேன்.

எழுதி அனுப்புங்கள்

முத்திரைத் தாளெல்லாம் தொடக்கத்தில் தேவையில்லை. 2006ஆம் ஆண்டின் மின்னணுக் கொடுக்கல்வாங்கல் சட்டத்தின்படி, மின்னணு வடிவில் இருக்கிறது என்பதற்காக மட்டும் ஒரு செய்தி செல்லாமல் போகாது. நான் வட்ஸ்அப்பில் அனுப்புவது இப்படித்தான்:

> தம்பி, நேற்றுப் பேசியதை எழுதுகிறேன். அரைக்கிலோ பக்கற் 1,200 ரூபாய். கைக்கு வந்த காசில் நூற்றுக்குப் பத்து. திரும்பி வந்ததற்கும் வசூலாகாத கடனுக்கும் கொமிஷன் இல்லை. கேட்காமல் விலை குறைத்தால் உங்கள் பங்கில் கழியும். போகும் பஸ் காசு என்னுடையது, திரும்பும் பஸ் காசு பாதிப் பாதி. நீங்கள் பிடித்த கடைக்கு ஆறு மாதம். ஒவ்வொரு மாதமும் 5ஆம் திகதி கணக்கு. நிறுத்துவதென்றால் இரண்டு பேரும் ஒரு மாதம் முன்பே சொல்லவேண்டும். சரி என்றால் "சம்மதம்" என்று எழுதுங்கள்.

"ஓம் அக்கா" என்று ஒரு கட்டைவிரலோடு பதில் வந்தால் நான் விடுவதில்லை, சம்மதம் என்று எழுதச் சொல்லித் திருப்பிக் கேட்பேன். அது வந்த பிறகுதான் சரக்கு பஸ்ஸில் ஏறும்.

5ஆம் திகதி கணக்கில் நான் முதலில் பார்ப்பது காசை அல்ல, பக்கற்றை. அனுப்பியது நூறு என்றால், விற்றது, திரும்பியது, அவர் கையில் இருப்பது மூன்றும் கூட்டினால் நூறு வரவேண்டும். கையிருப்பைப் படம் எடுத்து அனுப்பச் சொல்வேன். போன மாதம் மூன்று குறைந்தது. விசாரித்தால் கடைக்காரருக்குச் சாம்பிளாகக் கொடுத்திருக்கிறார். அது நியாயமான செலவு, ஒத்துக்கொண்டேன், ஆனால் மாதத்துக்கு மூன்று மட்டும் என்று அன்றே செய்தியில் இன்னொரு வரி சேர்த்து அனுப்பினேன். "சம்மதம்" என்று பதில் வந்தது.