கடைசி நேரத்தில் மீட்டிங்கைத் தள்ளிவைப்பது எப்படி? வரிசையாகச் சில படிகள்

செவ்வாய்க்கிழமை, ஜூன் 10. மாலை 4 மணிக்கு 45 நிமிட வீடியோ மீட்டிங். உங்கள் இணையதளத்துக்காகத் தனியாக வேலை செய்து தரும் வடிவமைப்பாளர் ஒருவர் முகப்புப் பக்கத்துக்கு மூன்று மாதிரிகள் காட்டப்போகிறார். உங்கள் சக ஊழியர் ஒருவரும் இருப்பார். இன்வைட் அனுப்பியது நீங்கள். பகல் 1:40 மணிக்கு, அதே 4 மணிக்கு வேறொரு மீட்டிங்கில் நீங்கள் இருந்தே ஆகவேண்டும் என்று மேலதிகாரி சொல்லிவிடுகிறார். கையில் இருப்பது 2 மணி 20 நிமிடம்.

கீழே உள்ள படிகள் இந்த ஒரு நிலைமையை வைத்து எழுதியவை. நேரில் சந்திப்பதாக இருந்தால் ஒன்று மட்டும் மாறும்: எதிராளி கிளம்பிவிடுவதற்கு முன் செய்தி போய்ச் சேரவேண்டும். அதனால் மற்ற எல்லாவற்றையும் தள்ளிவைத்துவிட்டு முதலில் போன் செய்யுங்கள்.

படி 1: தள்ளத்தான் வேண்டுமா என்று பாருங்கள் (5 நிமிடம்)

மூன்று கேள்விகள் போதும். நீங்கள் இல்லாமல் சக ஊழியர் மட்டும் நடத்தினால் நடக்குமா? 15 நிமிடத்தில் முடியுமா? இந்த மீட்டிங்கிலிருந்து எதிராளிக்கு என்ன தேவைப்பட்டது?

மூன்றாவது கேள்வியைத்தான் பெரும்பாலானவர்கள் கேட்டுக்கொள்வதில்லை. நம் எடுத்துக்காட்டில் வடிவமைப்பாளருக்குத் தேவை உங்களோடு 45 நிமிடம் பேசுவது அல்ல. மூன்றில் எது என்று தெரிந்தால்தான் நாளை அவர் உள்பக்கங்களைத் தொடங்க முடியும். மீட்டிங் வியாழக்கிழமை மாலைக்குப் போனால் அவருக்கு இரண்டு நாள் வேலை நின்றுபோகும். இதைக் கண்டுபிடித்துவிட்டால் ஈடு செய்வது எளிது: மாதிரிகளின் லிங்க்கை அவர் இன்றே அனுப்பினால், எந்தத் திசையில் போகலாம் என்று இரவுக்குள் எழுத்தில் சொல்லிவிடலாம். விரிவான பேச்சு மட்டும் புதிய நேரத்துக்குப் போகும்.

ஒரு எச்சரிக்கை. ஈடு என்ற பெயரில் அவருக்குப் புது வேலை வைக்காதீர்கள். 'மூன்றுக்கும் தனித்தனியாக விளக்கம் எழுதி அனுப்புங்கள்' என்றால், உங்கள் அவசரத்துக்கு அவர் ஒரு மணி நேரம் செலவழிக்கிறார். ஏற்கெனவே கையில் இருப்பதை அப்படியே அனுப்பினால் போதும் என்று சொல்லுங்கள்.

படி 2: மாற்று நேரத்தை முதலில் பிடித்துவையுங்கள் (10 நிமிடம்)

உடனே சொல்வதா, மாற்று நேரத்தைத் தேடிவிட்டுச் சொல்வதா என்ற குழப்பம் இங்கே வரும். எங்கள் கணக்கு இது: மீட்டிங்குக்கு ஒரு மணி நேரத்துக்கும் குறைவாக இருந்தால் உடனே சொல்லிவிடுங்கள், நேரங்களை அரை மணிக்குள் அனுப்புவதாகச் சொல்லி அப்படியே அனுப்புங்கள். அதற்கு மேல் இருந்தால் பத்து நிமிடம் எடுத்துக்கொண்டு இரண்டையும் ஒரே செய்தியில் சொல்லுங்கள். அதற்கும் மேல் தாமதிப்பது சரியல்ல. அவர் இந்நேரம் மீட்டிங்குக்கான தயாரிப்பில் உட்கார்ந்திருக்கலாம்.

இரண்டு நேரங்கள் போதும். ஒன்றே ஒன்று கொடுத்தால் கட்டளை போலப்படும், ஐந்து கொடுத்தால் உட்கார்ந்து ஒப்பிட்டுப் பார்க்கும் வேலை அவர் தலையில் விழும். ஒன்றாவது பழைய மீட்டிங் நேரத்திலிருந்து 24 மணி நேரத்துக்குள் இருக்கட்டும். இன்னொன்று பழைய நேரத்தையே ஒட்டி, வேறொரு நாளில் இருந்தால் நல்லது. 4 மணியை அவர் ஏற்கெனவே ஒருமுறை ஒத்துக்கொண்டவர், அதே பொழுது அவருக்கு வசதிப்பட வாய்ப்பு அதிகம். சக ஊழியரின் காலண்டரையும் இப்போதே பார்த்துவிடுங்கள்.

இன்றைய மீட்டிங்கைக் கெடுத்த காரணம் நாளையும் தொடருமா என்றும் பாருங்கள். மேலதிகாரியின் வேலை புதன் காலைவரை இழுக்கும் என்று தோன்றினால் புதன் காலையைக் கொடுக்காதீர்கள். ஒருமுறை தள்ளினால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை, அதே மீட்டிங்கை இரண்டாம் முறை தள்ளும்போதுதான் மனக்கசப்பு வருகிறது.

நம் எடுத்துக்காட்டில் கிடைத்தவை: புதன் ஜூன் 11 மாலை 3:00 முதல் 3:45 வரை, வியாழன் ஜூன் 12 மாலை 4:00 முதல் 4:45 வரை. இரண்டையும் உங்கள் காலண்டரில் 'தற்காலிகம்' என்று பெயரிட்டு அடைத்துவையுங்கள். பதிலுக்குக் காத்திருக்கும் நேரத்தில் வேறு யாராவது அந்த இடத்தில் மீட்டிங் போட்டுவிட்டால், கொடுத்த நேரத்தையே திரும்பப் பெறவேண்டி வரும். அதைவிடச் சங்கடம் வேறில்லை.

படி 3: செய்தி

போன் திரையில் தெரியும் அறிவிப்பில் முதல் ஒன்றிரண்டு வரிதான் இருக்கும். ஆகவே விஷயம் முதல் வரியிலேயே வரவேண்டும். 'வணக்கம், நலமா? ஒரு சின்ன விஷயம்' என்று தொடங்கினால், அவர் அதைப் பார்த்துவிட்டு அப்புறம் திறக்கலாம் என்று விட்டுவிடுவார்.

> வணக்கம் மேடம். இன்று மாலை 4 மணி மீட்டிங்கில் என்னால் கலந்துகொள்ள முடியவில்லை, மன்னிக்கவும். அதே நேரத்தில் தவிர்க்க முடியாத அலுவலக வேலை வந்துவிட்டது.
>
> மாற்று நேரம்:
> 1. புதன், ஜூன் 11, மாலை 3:00 – 3:45
> 2. வியாழன், ஜூன் 12, மாலை 4:00 – 4:45
>
> 1 அல்லது 2 என்று மட்டும் பதில் போட்டால் போதும், இன்வைட்டை நான் மாற்றிவிடுகிறேன். இரண்டும் ஒத்துவராவிட்டால் உங்களுக்கு வசதியான நேரத்தைச் சொல்லுங்கள், நான் அதற்கேற்ப மாற்றிக்கொள்கிறேன்.
>
> உங்கள் வேலை நிற்கக் கூடாது. மாதிரிகளின் லிங்க்கை இருக்கிறபடியே இன்று அனுப்பினால், எதை எடுக்கலாம் என்று இரவு 8 மணிக்குள் எழுதிவிடுகிறேன்.

மன்னிப்பு ஒரே ஒரு முறை. நான்கு முறை கேட்டால் 'பரவாயில்லை, பரவாயில்லை' என்று உங்களைத் தேற்றும் வேலையும் அவருக்குச் சேரும். காரணமும் ஒரே வரி, அதுவும் உண்மையாக இருக்கட்டும். உள் அலுவலக விவரங்களை விரித்துச் சொல்லத் தேவையில்லை. உடம்பு சரியில்லை என்று கற்பனைக் காரணம் சொன்னால், அன்று மாலையே வேறொருவர் மூலம் நீங்கள் மீட்டிங்கில் இருந்தது தெரியவரலாம்.

'நாளை மறுநாள்', 'அடுத்த வியாழன்' போன்றவை வேண்டாம். அடுத்த வியாழன் என்றால் இந்த வாரமா, வரும் வாரமா என்று இருவர் இருவிதமாக எடுத்துக்கொள்வார்கள். கிழமை, தேதி இரண்டையும் சேர்த்து எழுதினால் ஒன்றில் தவறு இருந்தாலும் இன்னொன்று காட்டிக்கொடுக்கும். எதிராளி வேறு நாட்டில் இருந்தால் அவருடைய நேரத்தை முதலில் எழுதி, உங்களுடையதைப் பக்கத்தில் போடுங்கள்.

அடிக்கடி காணும் தவறான செய்தி இது: 'இன்று முடியாது போலிருக்கிறது. உங்களுக்கு எப்போது வசதி?' முடியுமா முடியாதா என்றே இதில் தெளிவில்லை. நேரம் தேடும் வேலையும் கைமாறிவிட்டது. தொல்லை கொடுத்தவர் நீங்கள், தேடும் வேலையும் உங்களுடையதாகவே இருக்கட்டும்.

அனுப்பிய 20 நிமிடத்தில் பதில் இல்லையென்றால் போன் செய்யுங்கள். மெயிலை மட்டும் நம்பினால், அதைப் பார்க்காதவர் 4 மணிக்கு வீடியோ அழைப்பில் தனியாகக் காத்திருப்பார். சக ஊழியருக்கும் இதே நேரத்தில் ஒரு வரி போட்டுவிடுங்கள்.

படி 4: காலண்டர்

பதில் வரும்வரை நேரத்தை மாற்றாதீர்கள். அவர் ஒத்துக்கொள்ளாத நேரத்தில் இன்வைட் போய் விழுந்தால், இரண்டு நேரம் கொடுத்ததற்கு அர்த்தம் இல்லை. பதில் வந்ததும் பழைய இன்வைட்டைத் திறந்து தேதியையும் நேரத்தையும் மட்டும் மாற்றுங்கள். அதை அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டால் வீடியோ லிங்க், இணைத்த கோப்புகள், குறிப்புகள் எல்லாம் போய்விடும். ரத்து அறிவிப்பு ஒன்று, புது அழைப்பு ஒன்று என்று அவருக்கு இரண்டு மெயில் வரும், ரத்து மட்டும் கண்ணில் பட்டால் குழப்பம்தான்.

கூகுள் காலண்டரில் சேமிக்கும்போது, விருந்தினர்களுக்கு மெயில் அனுப்பவா என்று கேட்கும். `Send` கொடுங்கள். அவசரத்தில் `Don't send` அழுத்திவிட்டால், வேறு காலண்டர் பயன்படுத்துபவரிடம் பழைய நேரமே நிற்கக்கூடும்.

வாராவாரம் நடக்கும் மீட்டிங் என்றால் இன்னும் கவனம். எதை மாற்றவேண்டும் என்று கேட்கும்போது `This event` மட்டும் தேர்ந்தெடுங்கள். `This and following events` கொடுத்தால் இனி வரும் எல்லா வாரங்களும் நகர்ந்துவிடும்.

நேரம் மாறிய பிறகு, முன்பு வந்த சம்மதத்தை நம்பாதீர்கள். பெயர்ப் பட்டியலில் புதிதாக ஒப்புதல் வந்திருக்கிறதா என்று பாருங்கள். மீட்டிங் அறை பதிவு செய்திருந்தால் அதுவும் புதிய நேரத்துக்குக் கிடைத்திருக்கிறதா என்று தனியாகப் பார்க்கவேண்டும்.

இன்வைட் அனுப்பியவர் நீங்கள் இல்லையென்றால் மாற்றும் உரிமை பெரும்பாலும் உங்களிடம் இருக்காது. உங்கள் காலண்டரிலிருந்து அழித்துவிட்டால் அவருக்குப் புரிந்துவிடும் என்று நினைக்காதீர்கள். `Propose a new time` மூலம் கேளுங்கள், கூடவே மேலே உள்ள செய்தியையும் அனுப்புங்கள்.

இரண்டு நேரமும் ஒத்துவராவிட்டால்

அவர் சொல்லும் நேரத்துக்கு உங்கள் வேறு வேலையை நகர்த்திப் பாருங்கள். இந்த முறை வளைந்துகொடுக்க வேண்டியவர் நீங்கள்தான். இரண்டு சுற்றுக்கு மேல் செய்தியில் இழுத்தால் நிறுத்திவிட்டுப் போன் செய்யுங்கள், மூன்று நிமிடத்தில் முடியும்.

மணிக்கணக்கில் கட்டணம் வாங்குபவர் என்றால், அடைத்துவைத்த அந்த நேரத்துக்குக் கட்டணம் உண்டா என்று ஒப்பந்தத்தைப் பாருங்கள். இருந்தால் அவர் கேட்கும்வரை காத்திருக்காமல் நீங்களே சொல்லிவிடுங்கள்.

ஒரேயடியாக ரத்து என்றால்

எழுத்திலேயே முடிவு கிடைத்துவிட்டது, பேச ஒன்றும் மிச்சமில்லை என்றால் மாற்று நேரம் கொடுக்கவேண்டியதில்லை. ஆனால் 'ரத்து' என்று நேராக எழுதுங்கள். 'பிறகு பார்க்கலாம்' என்றால் அவர் உங்களுக்காக நேரம் ஒதுக்கிக்கொண்டே இருப்பார். முடிவு என்ன, அடுத்த வேலை யாருடையது என்று இரண்டு வரி சேர்த்துவிட்டு இன்வைட்டை ரத்து செய்யுங்கள்.

கடைசியாக

வடிவமைப்பாளர் '1' என்று பதில் போட்டுவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். பழைய இன்வைட்டைப் புதன் 3 மணிக்கு மாற்றுங்கள், காலண்டரில் போட்ட இரண்டு 'தற்காலிகம்' கட்டங்களையும் நீக்குங்கள். இரவு 8 மணிக்குள் தருவதாக ஒப்புக்கொண்ட பதிலுக்கு 7:30 மணிக்கு ஒரு நினைவூட்டல் வைத்துக்கொள்ளுங்கள்.