வித்தியாசத்துக்கு 32 கிடையாது: ஃபாரன்ஹீட் ஊருக்குப் போகிறவர்களுக்கு

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்திலிருந்து அமெரிக்காவுக்குப் போகிற பிள்ளைகளுக்கு ஸ்வெட்டரும் ஊறுகாயும் கட்டிக் கொடுக்க ஆள் இருக்கிறது, டிகிரி சொல்லிக் கொடுக்கத்தான் யாரும் இல்லை. நான் பதினோரு வருஷம் மினசோட்டாவில் இருந்துவிட்டு ஊர் திரும்பியவன், அதனால் அந்த வேலை என் தலையில் விழுந்திருக்கிறது.

நம் ஆட்கள் ஃபாரன்ஹீட் தெரியாதவர்கள் இல்லை. காய்ச்சல் என்றால் வாளையாறுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் 100, 102 என்றுதான் பேச்சு, அது ஃபாரன்ஹீட். வெயிலும் ஏசியும்தான் நமக்கு செல்சியஸ். அங்கே போனால் எல்லாமே ஃபாரன்ஹீட். அதையும் போய்ச் சேர்ந்த முதல் வாரத்திலேயே பழகிக்கொள்கிறார்கள், ஃபோனில் தட்டினால் மாற்றிக் கொடுத்துவிடுகிறதே. வம்பு அந்த ஃபோனிலிருந்துதான் வருகிறது.

என் அக்கா மகன் மினியாபொலிஸ் போய் இரண்டாம் மாதம். கேஸ் பில் வந்திருக்கிறது, பார்த்து ஆடிப் போய்விட்டான். பில்லோடு ஒரு துண்டுத்தாளும் வந்திருந்தது: வீட்டுச் சூட்டை வைக்கும் தெர்மோஸ்டாட்டை ஒரு நாளில் எட்டு மணி நேரம் 7 முதல் 10 டிகிரி குறைத்து வைத்தால், வருஷத்துக்கு வீட்டைச் சூடாக்கவும் குளிராக்கவும் ஆகும் செலவில் பத்து சதவீதம் வரைக்கும் மிச்சமாகும் என்று. அந்நாட்டு எரிசக்தித் துறையே சொல்லும் கணக்குதான் அது. இவன் ஃபோனில் 7 ஃபாரன்ஹீட் எத்தனை செல்சியஸ் என்று தட்டியிருக்கிறான். மைனஸ் 13.9 என்று வந்திருக்கிறது. உடனே எனக்கு ஃபோன்.

"மாமா, வீட்டை மைனஸ் பதினாலு குறைக்கச் சொல்றாங்க, குழந்தையை வச்சுட்டு எப்படி மாமா? அதுவும் மைனஸைக் குறைச்சா கூடத்தானே செய்யணும்?"

"ஏண்டா கண்ணு, நம்ம கிணத்தை ஒரு நிமிஷம் நினைச்சுப் பாரு" என்றேன்.

எங்கள் தோட்டத்துக் கிணற்றுக்கு மூன்றடி உயரச் சுற்றுச்சுவர். அப்பா தரைமட்டத்திலிருந்து தண்ணீர் வரைக்கும் முழத்தில் சொல்வார். மோட்டார் மாட்ட வருகிறவர் சுவர் மேலிருந்து டேப்பை விட்டு அடியில் சொல்வார். ஒரு முழம் ஒன்றரை அடி. தை மாதம் அப்பாவுக்குத் தண்ணீர் 12 முழத்தில், மோட்டார்காரருக்கு அதே தண்ணீர் 18 அடியோடு சுவரின் 3 அடியும் சேர்ந்து 21 அடியில். சித்திரையில் அப்பாவுக்கு 20 முழம், மோட்டார்காரருக்கு 33 அடி. சரி, தண்ணீர் எவ்வளவு இறங்கியிருக்கிறது? அப்பா கணக்கில் 8 முழம், மோட்டார்காரர் கணக்கில் 33-இல் 21 போக 12 அடி. எட்டு முழம் என்பது பன்னிரண்டு அடிதான், பதினைந்து இல்லை. சுவர் தையிலும் மூன்றடி, சித்திரையிலும் மூன்றடி. கழிக்கும்போது இரண்டு பக்கமும் இருக்கிற அந்த மூன்று ஒன்றையொன்று தின்றுவிடுகிறது. இறங்கிய அளவைச் சொல்ல முழத்தை அடியாக்கினால் போதும், சுவருக்கு அங்கே வேலையில்லை.

ஃபாரன்ஹீட்டின் 32 என்பது அந்தச் சுற்றுச்சுவர்தான். தண்ணீர் உறையும் இடத்தை செல்சியஸ் 0 என்கிறது, ஃபாரன்ஹீட் 32 என்கிறது. அங்கிருந்து கொதிக்கும் இடம் வரைக்கும் செல்சியஸில் 100 படி, ஃபாரன்ஹீட்டில் 212 வரைக்கும் 180 படி. அதனால் ஒரு செல்சியஸ் படிக்கு 1.8 ஃபாரன்ஹீட் படி, அது நம்முடைய முழத்துக்கு ஒன்றரை அடி மாதிரி. தெர்மாமீட்டர் காட்டும் அளவை மாற்றும்போது:

```
F = 1.8 × C + 32
```

இரண்டு அளவுகளைக் கழித்தால் இரண்டிலும் உள்ள 32 போய்விடும், மிஞ்சுவது:

```
F வித்தியாசம் = 1.8 × C வித்தியாசம்
```

நம் ஊரில் ஒரு மாசி நாள் பகல் 38, விடிகாலை 26 என்று வையுங்கள். வித்தியாசம் 12. ஃபாரன்ஹீட்டில் அது 100.4, 78.8. கழித்தால் 21.6, பன்னிரண்டை 1.8-ஆல் பெருக்கினாலும் 21.6. ஃபோனில் வெறும் 12 என்று தட்டியிருந்தால் 53.6 என்று சொல்லும், பகலுக்கும் ராத்திரிக்கும் ஐம்பத்துமூன்று டிகிரி வித்தியாசம் என்றால் நம் ஊர் தாங்காது. ஃபோன் பொய் சொல்லவில்லை, நாம் கேட்டது வேறு கேள்வி. எதைப் போட்டாலும் அது தெர்மாமீட்டர் காட்டிய அளவு என்றே எடுத்துக்கொள்ளும். சந்தேகம் இருந்தால் 0 போட்டுப் பாருங்கள். வித்தியாசம் இல்லை என்றால் எந்த அளவுகோலிலும் இல்லைதானே, 32 என்று பதில் வந்தால் அந்த இடம் வித்தியாசத்துக்கு உதவாது.

துண்டுத்தாளுக்கு வருவோம். ஃபாரன்ஹீட் வித்தியாசத்தை செல்சியஸாக்க 1.8-ஆல் வகுக்க வேண்டும். மனக்கணக்கில் பாதியாக்கி, அந்தப் பாதியில் பத்தில் ஒரு பங்கைச் சேர்த்தால் கிட்டத்தட்ட வந்துவிடும்: எட்டுக்குப் பாதி நாலு, அதோடு 0.4, ஆக 4.4. தாளில் சொன்ன 7 முதல் 10 என்பது செல்சியஸில் ஏறக்குறைய 4 முதல் ஐந்தரை, அவ்வளவுதான். அவன் வீட்டில் 70 வைத்திருந்தான், அதாவது 21.1 செல்சியஸ். எட்டு குறைத்தால் 62, அது 16.7. இரண்டுக்கும் நடுவே அதே 4.4. கம்பளிக்குள் தூங்கத் தாராளமாகப் போதும், குழந்தை அறைக்கு வேண்டுமானால் கொஞ்சம் குறைவாகக் குறைத்துக்கொள்ளலாம் என்றேன்.

அதே வீட்டில் இன்னொரு எண்ணும் வரும்: ஊருக்குப் போகும்போது 55-க்குக் கீழே விடாதீர்கள், குழாயில் தண்ணீர் உறைந்து வெடிக்கும் என்பார்கள். இது குறைக்கும் அளவு இல்லை, தெர்மோஸ்டாட்டில் நிற்க வேண்டிய எண். ஆகவே இங்கே 32-ஐக் கழிக்கத்தான் வேண்டும், 23 மிஞ்சும், 1.8-ஆல் வகுத்தால் 12.8 செல்சியஸ். 'இத்தனையில் வை' என்றால் 32 உண்டு, 'இத்தனை கூட்டு, குறை' என்றால் இல்லை. வானிலை அறிக்கையில் வழக்கத்தைவிடப் பத்து டிகிரி அதிகம் என்று வந்தால் அதுவும் வித்தியாசம்தான், ஐந்தரை செல்சியஸ். சராசரி வெப்பநிலை என்று வந்தால் அது ஒரு அளவு, 32-ஐ விடக்கூடாது.

பேச்சில்தான் வழுக்கும். ஜனவரியில் பக்கத்து வீட்டுக்காரர் 'டென் பிலோ' என்பார். கேட்டால் எதற்கோ பத்து கீழே என்று வித்தியாசம் மாதிரி இருக்கும், உண்மையில் அது மைனஸ் 10 ஃபாரன்ஹீட் என்ற அளவு, நம் கணக்கில் மைனஸ் 23. ரேடியோவில் 'டென் டிகிரீஸ் பிலோ ஃப்ரீசிங்' என்றால் அது உறைநிலையிலிருந்து பத்து ஃபாரன்ஹீட் இறக்கம், வித்தியாசமாகவே மாற்றினால் செல்சியஸில் 5.6, உறைநிலை நமக்கு 0 என்பதால் நேராக மைனஸ் 5.6. 22 ஃபாரன்ஹீட் என்று வைத்து 32-ஐக் கழித்துப் போட்டாலும் அதே விடைதான் வரும். முதலாவதுக்குப் பனி பூட்ஸும் காது மூடும் குல்லாவும் இல்லாமல் பஸ் ஸ்டாப் பக்கமே போகக்கூடாது, இரண்டாவதுக்கு மேல்கோட்டு போட்டுக்கொண்டு கடைக்குப் போய் வந்துவிடலாம். மருமகன் முதலாவதை இரண்டாவது என்று நினைத்து ஒரு நாள் கிளம்பிவிட்டு, தெருமுனையிலிருந்தே திரும்பி வந்தான்.