வாராக்கடனா, வாரா ஐயக்கடனா?

பிளஸ் 1 கணக்குப்பதிவியல் வினாத்தாளைத் தமிழாக்கும்போது அதிகம் சறுக்குவது இந்த இடத்தில்தான். கடனாளிகள் ₹52,000. சரிக்கட்டுதல்: வாராக்கடன் ₹2,000 போக்கெழுதவும், கடனாளிகள் மீது 5% வாரா ஐயக்கடன் ஒதுக்கு உருவாக்கவும்.

போக்கெழுதியபின் மீதி ₹50,000. அதில் 5% என்றால் ஒதுக்கு ₹2,500. இரண்டாவது தொடரையும் ‘வாராக்கடன் 5%’ என்று மொழிபெயர்த்தால் கதை மாறிவிடும். வாராக்கடன் என்பது போனது போனதுதான், கடனாளி கணக்கிலேயே வரவு வைக்க வேண்டும். வாரா ஐயக்கடன் என்பது வராமல் போகலாம் என்ற சந்தேகம் மட்டுமே, அதனால் அதற்கான ஒதுக்கில் கடனாளி கணக்கைத் தொடக்கூடாது. இலாப நட்டக் கணக்கில் பற்று, ஒதுக்குக் கணக்கில் வரவு. குறிப்பேட்டுப் பதிவு கேட்டிருந்தால் தமிழில் படிக்கும் பிள்ளைக்கு மதிப்பெண் போச்சு.

‘ஒதுக்கு’ இருக்க வேண்டிய இடத்தில் ‘காப்பு’ என்று போடுவதும் தவறு. காப்பு இலாபத்திலிருந்து பிரித்து வைப்பது, ஒதுக்கு நட்டம் வந்தாலும் போட வேண்டியது.

நான் செய்வது இது: ஆங்கிலப் பகுதியை மறைத்துவிட்டு, தமிழ் வினாவை மட்டும் வைத்து இன்னொரு ஆசிரியரைப் பதிவுகள் எழுதச் சொல்வேன். விடைக்குறிப்போடு பதிவு ஒத்துப்போகாத வரியில் சொல்லைத் திருத்துவேன். அப்புறம், பாடநூலில் உள்ள சொல்லைத்தான் போடுவேன், அதைவிட நல்ல சொல் தோன்றினாலும்.