விளக்கத்துக்கு எழுத்துத் தமிழ், உரையாடலுக்குப் பேச்சுத் தமிழ்

நீங்கள் எழுதுவது குமரி மாவட்டத்துக்கு வெளியேயும் வாசிக்கப்படும் என்று தெரிந்தால், செய்முறையையும் விளக்கத்தையும் எழுத்துத் தமிழில் எழுதி, பேச்சு வழக்கை மேற்கோள் குறிக்குள் வரும் உரையாடலுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். சொற்களைவிட வேற்றுமை உருபுகளே அதிகம் குழப்புகின்றன என்பது என் கணிப்பு: குமரி மாவட்டத்து விளவங்கோட்டுப் பேச்சில் ‘அவனுக்க தோட்டம்’ என்றால் அவனுடைய தோட்டம், மதுரைக்காரர் அதை ‘அவனுக்குத் தோட்டம்’ என்று வாசித்து, பொருள் பிறழ்ந்ததையே அறியாமல் போகலாம். ரப்பர் பாலில் ‘வெள்ளம்’ கலக்கக் கூடாது என்று எழுதினால், நாம் சொல்வது தண்ணீர், அவர் நினைப்பதோ ஆற்றுப் பெருக்கு. ‘அவனுடைய’, ‘தண்ணீர்’ என்பவை எல்லா ஊருக்கும் ஒரே பொருள் தருவன. ஊர் நினைவுகளையோ நகைச்சுவையையோ உள்ளூர்க்காரருக்கென்றே எழுதும்போது இது பொருந்தாது. அங்கே ‘அவனுக்க’ என்பதைத் திருத்தினால் சுவையே போய்விடும்.