“வீட்ல பேசுறேன்” என்று சொல்பவருக்காகக் காத்திருக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

காதலிப்பவர் “வீட்ல பேசுறேன், கொஞ்சம் டைம் கொடு” என்கிறார். அந்தக் “கொஞ்சம்” எவ்வளவு என்று கேட்காமல் விடுவதுதான் முதல் தவறு. அக்கா கல்யாணம் முடியட்டும் என்பார், முடியும். அப்புறம் ஆடி போகட்டும், அப்பாவுக்கு உடம்பு தேறட்டும், புரமோஷன் வரட்டும். ஒவ்வொரு காரணமும் உண்மையாகவே இருக்கலாம். ஆனாலும் இரண்டு வருடம் ஓடியிருக்கும்.

கெடுவை நீங்களே வையுங்கள். தை பிறப்பதற்குள் என்று வைத்தால், அதற்குள் என்ன நடந்திருக்க வேண்டும் என்பதையும் அன்றே எழுதிவிடுங்கள். பலர் தேதியை மட்டும் குறிக்கிறார்கள். அன்றைக்கு அவர் அன்பாக நாலு வார்த்தை பேசினால் அதுவே முன்னேற்றமாகத் தெரிகிறது. “என்னை நேசிப்பதைக் காட்ட வேண்டும்” என்று எழுதினால் அளக்க முடியாது. “வீட்டில் ஒரு பெரியவரிடமாவது என் பெயரைச் சொல்லியிருக்க வேண்டும், அந்தப் பெரியவர் என்னிடம் ஒரு தடவை பேசியிருக்க வேண்டும்” என்றால் நடந்ததா இல்லையா என்று தெரிந்துவிடும். இரு வீட்டையும் மீறிப் பதிவுத் திருமணம்தான் என்று முடிவாகியிருந்தால், கேட்க வேண்டியது அதற்கான செயலை. 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டப்படி முதலில் திருமண அதிகாரியிடம் நோட்டீஸ் கொடுத்து 30 நாள் காத்திருக்க வேண்டும். அந்த நோட்டீஸில் கையெழுத்துப் போட உங்கள் காதலர் வந்தாரா?

கெடு நெருங்கும்போது வருவதுதான் பெரிய தவறு. சில வாரம் விலகியிருந்தவர் திடீரென்று பிறந்தநாளுக்குப் புடவையோடு வந்து நிற்பார், மனம் இளகும், கணக்கை மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிப்போம். எப்போது கிடைக்கும் என்று தெரியாத பரிசுக்காகத்தான் உயிர்கள் விடாமல் முயலும் என்பதை ஸ்கின்னர் என்ற உளவியலாளர் புறாக்களிடமே கண்டார். எப்போதாவது வரும் அந்தப் பாசம் நம்மைக் கட்டிப்போடுவதும் இப்படித்தான். புடவை நல்ல புடவைதான். ஆனால் நீங்கள் எழுதி வைத்ததில் அது இல்லை.

அப்பா ஐசியூவில் இருந்தால் கெடுவை ஒரு தடவை தள்ளலாம், அதுவும் புதிய தேதியை அவர் வாயால் சொன்னால் மட்டும். வீட்டில் அடி, மிரட்டல் என்று பயந்து அவர் மௌனமாக இருந்தால் விஷயம் வேறு. அங்கே முதலில் பாதுகாப்பைப் பாருங்கள்.

தேதி கடந்தும் எழுதியது நடக்கவில்லை என்றால் “கடைசி வாய்ப்பு” என்று எச்சரிக்காதீர்கள். அதற்குப் பதிலாக இன்னொரு வாக்குறுதிதான் வரும். முடிவை அமைதியாகச் சொல்லிவிட்டு விலகுங்கள். அப்புறம் “பேசிட்டேன்” என்று அவர் வந்தால், யாரிடம், அவர்கள் என்ன சொன்னார்கள் என்று கேளுங்கள். அந்த வீட்டிலிருந்து ஒருவர் உங்களிடம் நேரில் பேசும்வரை முடிவை மாற்ற வேண்டாம்.