உயிலில் ‘மீதி எல்லாம்’ என்ற பத்தியை எழுதுவது எப்படி?

பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, சித்தூர்ப் பக்கம் நம் ஆட்கள் எழுதி வைக்கும் உயில்களில் பெரும்பாலும் ஒரு பட்டியல்தான் இருக்கும். தென்னந்தோப்பு இவனுக்கு, வீடு இவளுக்கு, வயல் தம்பிக்கு என்று சர்வே நம்பரோடு தெளிவாக இருக்கும், அதோடு கையெழுத்து. பட்டியலில் வராத சொத்து யாருக்கு என்று ஒரு வரிகூட இருக்காது. அந்த ஒரு பத்தியை எப்படி எழுதுவது என்று பார்ப்போம். இங்கே சொல்வது இந்துக் குடும்பங்களுக்கான கணக்கு. கிறிஸ்தவர்களுக்கு வாரிசுப் பங்கு வேறு மாதிரி வரும், முஸ்லிம்களுக்கு உயில் எழுதும் உரிமையே வேறு.

முதலில், ஓட்டை எங்கே விழுகிறது என்று பாருங்கள்

ஒரு பெரியவரை எடுத்துக்கொள்வோம். மனைவியும் தாயும் காலமாகிவிட்டார்கள். ஒரு மகன், இரண்டு மகள்கள். உயிலில் தோப்பை மகனுக்கும், வீட்டை மூத்த மகளுக்கும், 60 சென்ட் வயலைத் தம்பிக்கும் எழுதிவிட்டார். கூடவே இருந்து கவனித்துக்கொள்ளும் இளைய மகளுக்குக் கையிருப்பு நகையை எழுதினார். ‘மற்றதெல்லாம் அவளுக்குத்தானே’ என்பது அவர் மனதில் இருந்தது, தாளில் இல்லை.

அப்புறம் சில வருஷம் கழித்து, எல்லை தாண்டி பொள்ளாச்சிப் பக்கம் 40 சென்ட் வாங்குகிறார். பாங்கில் 9 லட்சம் டெபாசிட் போடுகிறார். இதற்கிடையில் தம்பி இவருக்கு முன்பே இறந்துவிடுகிறார்.

பெரியவர் காலமானதும் அந்த 40 சென்டும் 9 லட்சமும் உயிலில் எங்கும் இல்லை. உயிலில் வராத சொத்துக்கு, உயிலே எழுதாமல் இறந்தவர் போலத்தான் சட்டம் அவரைப் பார்க்கும். இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மூன்று பிள்ளைகளுக்கும் சம பங்கு, அதாவது ஆளுக்கு 3 லட்சம். வயலும் அப்படியே. தம்பி முன்பே இறந்ததால் அவருக்கு எழுதியது செல்லாமல் போகிறது. தம்பியின் பிள்ளைகளுக்கு அது போகும் என்று பலர் நினைக்கிறார்கள், போகாது. உயில் எழுதியவரின் சொந்த மகனோ மகளோ, அவர்கள் வழி வந்த பேரப்பிள்ளையோ முன்பே இறந்து, அவர்களுக்குப் பிள்ளைகள் இருந்தால் மட்டும்தான் இந்திய வாரிசுரிமைச் சட்டம், 1925, பிரிவு 109 அந்தக் கொடையைக் காப்பாற்றும். தம்பிக்கு அந்தச் சலுகை இல்லை.

டெபாசிட்டுக்கு இளைய மகளை நாமினியாகப் போட்டிருந்தால்? பணத்தை வாங்கும் உரிமை கிடைக்கும், அவ்வளவுதான். சொத்து வாரிசுகளுடையது.

இப்போது பத்தியை எழுதுங்கள்

தனித்தனிக் கொடைகளை எழுதி முடித்த பிறகு, இப்படி ஒரு பத்தி சேருங்கள்:

“மேலே குறிப்பிட்டவை நீங்கலாக, என் மரணத்தின்போது எனக்குச் சொந்தமான, எந்த ஊரில் எந்த வடிவில் இருந்தாலும், இந்த உயிலுக்குப் பிறகு நான் அடையும் சொத்துகளும், மேற்கண்ட கொடைகளில் ஏதேனும் செல்லாமல் போனால் அந்தச் சொத்தும் உட்பட, என் கடன்களும் செலவுகளும் போக மீதியுள்ள அனைத்தையும் என் இளைய மகள் அடைய வேண்டியது. அவள் எனக்கு முன் காலமானால், அவை என் மூத்த மகளைச் சேர வேண்டியது.”

உயிலில் ‘இளைய மகள்’ என்பதோடு பெயரையும் வயதையும் முகவரியையும் எழுத வேண்டும். இந்தப் பத்தி இருந்திருந்தால் 40 சென்ட், 9 லட்சம், தம்பி வயல் மூன்றும் அவளுக்கே வந்திருக்கும்.

இதில் ‘அனைத்தையும்’ என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். “மற்றும் வீட்டிலுள்ள சாமான்களும் பாங்கு பணமும்” என்று எழுதினால் அதுவும் ஒரு குட்டிப் பட்டியல்தான், நிலம் வெளியே நின்றுவிடும்.

மீதியை இரண்டு பேருக்குப் பாதி பாதி என்று எழுதுகிறீர்கள் என்றால் இன்னும் கவனம் வேண்டும். அதில் ஒருவர் முன்பே இறந்தால் அந்தப் பாதி மற்றவருக்குத் தானாகப் போகாது. பிரிவு 108-இன்படி அது உயிலில் சொல்லப்படாத சொத்தாகி, மறுபடியும் வாரிசுகளிடமே போகும். இறந்தவர் உங்கள் பிள்ளையாக இருந்து, அவருக்கும் பிள்ளைகள் இருந்தால் கதை வேறு. எதுவானாலும், அடுத்து யாருக்கு என்ற கடைசி வாக்கியம் கட்டாயம் வேண்டும்.

கையெழுத்துக்கு முன் சோதியுங்கள்

ஆதாரம் எழுதுபவரோடு உட்கார்ந்து மூன்று கேள்வி கேளுங்கள். நாளைக்கு ஒரு நிலம் வாங்கினால் அது யாருக்கு? உயிலில் உள்ள ஒவ்வொருவரும் எனக்கு முன் போய்விட்டால் அவர் பங்கு யாருக்கு? மீதியைப் பெறுபவரே இல்லாவிட்டால்? மூன்றுக்கும் பதில் தாளிலேயே இருக்க வேண்டும்.

பழைய உயில் கையில் இருக்கிறதா? முழுதாக மாற்ற வேண்டியதில்லை, இந்தப் பத்தியைத் துணை உயிலாக எழுதிச் சேர்க்கலாம். ஆனால் பழைய தாளின் ஓரத்தில் வெறுமனே பேனாவால் எழுதி வைத்தால் செல்லாது. துணை உயிலுக்கும் உங்கள் கையெழுத்தும், அதைப் பார்த்துச் சாட்சிக் கையெழுத்துப் போட இரண்டு பேரும் வேண்டும்.